நாலு பேர் மேடை, ஒரு மணி நேரம்: பேசும் நேரத்தைச் சமமாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரியில் பச்சைத் தேயிலை விலை பற்றி ஒரு மணி நேரக் கலந்துரையாடலை நடத்தப் போகிறேன். சிறு விவசாயி, ஃபேக்டரி முதலாளி, அரசு அதிகாரி, இலை பறிக்கும் ஒரு அம்மா என்று நாலு பேர். அதிகாரியே பேசி முடித்துவிடுவாரோ என்று பயம். கேள்விகளையும் நேரத்தையும் எப்படி அமைப்பது?

பதில்:

60 நிமிடத்தை நாலால் வகுத்து ஆளுக்கு 15 என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேதான் கணக்கு முதலில் தப்பும். அறிமுகத்துக்கு 3, பார்வையாளர் கேள்விகளுக்கு 15, கடைசிச் சொல்லுக்கு ஆளுக்கு 1 என்று 4, நீங்கள் கேள்வி கேட்பதற்கே 6, கைதட்டலுக்கும் மைக் கைமாறுவதற்கும் 4. இவை போக மிஞ்சுவது 28 நிமிடம், அதாவது ஆளுக்கு 7. அதை முதல் சுற்றில் 2 நிமிடம், பிறகு ஒன்றரை நிமிடமாக இரண்டு தடவை என்று பிரியுங்கள். ஆளுக்கு மீதியாகும் 2 நிமிடத்தை, மொத்தம் 8 நிமிடத்தை, யாருக்கும் ஒதுக்காமல் கையில் வையுங்கள். பின்னால் சமன் செய்ய உதவப்போவது அதுதான்.

முதல் சுற்றில் நாலு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக் கூடாது. மூன்றாவது ஆள் பேசும்போதே விஷயம் தீர்ந்துவிடும். நாலாவது ஆள் “அவங்க சொன்னதுதான்” என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். அவரவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியாக இருக்கட்டும். இலை பறிக்கும் அம்மாவிடம் தொடங்குங்கள், அதிகாரியைக் கடைசியில் வையுங்கள். அவர் முதலில் பேசினால் அவர் போட்ட பாதையிலேயே மற்ற மூவரும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வியின் வடிவம்தான் பதிலின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. “விலை நிலவரம் பத்திச் சொல்லுங்க” என்றால் சொற்பொழிவுதான் வரும். “நேத்து உங்களுக்கு எத்தனை கிலோ எடை போட்டாங்கம்மா?” என்றால் ஒரு எண் வரும், அதன் பின்னால் அவருடைய பேச்சும் வரும். அடுத்து, “ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிச்சாங்க?” அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பி, “இந்தக் கழிவை ஃபேக்டரியில எப்படிக் கணக்குப் போடுறீங்க சார்?” இப்படிக் கோத்துக்கொண்டு போனால் யாரும் தனியாக உரையாற்ற இடம் இருக்காது. ஒரு மூச்சில் இரண்டு கேள்வி வேண்டாம். பதிலும் இரண்டு மடங்காகும். அந்த அம்மாவுக்கு முதல் கேள்வியை மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

நேரம் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. முன்வரிசையில் ஒருவரை செல்போன் ஸ்டாப்வாட்சும் பேப்பருமாக உட்கார வையுங்கள். ஒவ்வொருவர் பேசிய நேரத்தையும் கூட்டிக்கொண்டே வந்து, 20ஆவது நிமிடத்திலும் 33ஆவது நிமிடத்திலும் ஒரு துண்டுச்சீட்டு தரட்டும். 33ஆவது நிமிடச் சீட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

விவசாயி 5:30
முதலாளி 6:00
அதிகாரி 8:10
அம்மா 2:20

மொத்தம் 22 நிமிடம், மீதி 6. இதில் அம்மாவுக்குச் சேர வேண்டியது மட்டும் 4:40. அதை ஒரே மூச்சில் கொடுத்தால் அவர் திணறிப்போவார். இரண்டு சின்னக் கேள்விகளாகவும், முதலாளி சொன்னதற்கு ஒரு பதிலாகவும் பிரித்துக் கொடுங்கள். மிஞ்சும் 1:20இல் விவசாயிக்கு ஒரு சின்னக் கேள்வி, முதலாளிக்கு அரை நிமிடம். அதிகாரிக்கு இனி கடைசிச் சொல் வரை கேள்வி இல்லை. பார்வையாளர் கேள்விகள் பெரும்பாலும் அவரை நோக்கித்தான் வரும் என்பதால் அவருக்கு இதில் நஷ்டமும் இல்லை. அங்கேயும் முதல் கேள்வியை நீங்களே விவசாயி பக்கம் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த 15 நிமிடமும் குறைதீர்க்கும் கூட்டமாகிவிடும்.

அதிகாரியை உங்களுக்குப் பக்கத்து நாற்காலியிலும், அம்மாவை உங்கள் கண் நேராகப் படும் கடைசி நாற்காலியிலும் அமர்த்துங்கள். பக்கத்தில் இருப்பவரை லேசாகச் சாய்ந்தே நிறுத்திவிடலாம். வாக்கியம் முடிகிற இடத்தில், “சார், அந்தக் கடைசிப் பாயின்ட் முக்கியம்” என்று சொல்லி, நிறுத்தாமல் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் அவர் மறுபடி தொடங்கிவிடுவார். ஒரே மைக் கை மாறிக்கொண்டிருந்தால் இது எதுவும் நடக்காது. குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

உங்கள் ஊருக்கே உரிய ஒன்று. விவசாயியோ அம்மாவோ படுகு பேசி, அதைத் தமிழில் ஒருவர் சொல்வதாக இருந்தால், ஒரு நிமிடப் பேச்சு இரண்டு நிமிடமாகும். மொழிபெயர்ப்பு நேரத்தை அவர் கணக்கில் எழுதாதீர்கள். அவருக்குப் பாதி வாய்ப்புதான் கிடைத்ததாகிவிடும். பார்வையாளர் நேரத்திலிருந்து 5 நிமிடத்தை முன்கூட்டியே இதற்கு எடுத்து வையுங்கள்.

கூட்டம் 10 நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் முடிவைத் தள்ள முடியாது. கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். பார்வையாளர் நேரத்தில் 5, அறிமுகத்தில் 1, கையிருப்பில் ஆளுக்கு ஒன்றாக 4 என்று குறையுங்கள். மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் பார்வையாளருக்கு 5 நிமிடம்தான் மிஞ்சும். இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசிச் சொல்லை மட்டும் தொடாதீர்கள். அது அதிகாரியிடம் தொடங்கி அம்மாவிடம் முடியட்டும்.