நாலு தடவைதான் பணம் எடுத்தேன், மூணு தடவை சார்ஜ் எப்படி?

கேள்வி: சார், எனக்கு சென்னைல சேவிங்ஸ் அக்கவுண்ட். போன மாசம் தி.நகர்ல வேற பேங்க் ஏடிஎம்ல 3ஆம் தேதி 2000, 9ஆம் தேதி 1500, 20ஆம் தேதி 1000, 27ஆம் தேதி 3000 எடுத்தேன். மூணு ஃப்ரீன்னா ஒண்ணுக்குத்தானே சார்ஜ் வரணும்? 27.14 வீதம் மூணு தடவை பிடிச்சிருக்காங்க. 9ஆம் தேதி முதல்ல போன மெஷின்ல காசு இல்லன்னு வந்துச்சு, பக்கத்து மெஷின்ல பேலன்ஸ் பாத்துட்டு அப்புறம்தான் எடுத்தேன். பேங்க்ல கேட்டா ரூல் அப்படித்தான்னு சொல்றாங்க. கேஸ் போடலாமா?

பதில்: உங்க கணக்கையும் பேங்க் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன் தம்பி, ரெண்டுமே தப்பு. மூணு சார்ஜ்ல ரெண்டு நீங்க கட்ட வேண்டியதுதான், ஒண்ணு மட்டும் பேங்க் திருப்பித் தரணும். அந்த ஒண்ண விட்டுடாதீங்க.

முதல்ல அந்த 27.14 எங்க இருந்து வருதுன்னு சொல்லிடுறேன். ஃப்ரீ லிமிட் தாண்டுனா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 23 ரூபா வாங்கலாம்னு ரிசர்வ் பேங்க் 2025 மே 1ல இருந்து அனுமதிச்சிருக்கு, அதுக்கு முன்னாடி 21 ரூபா. 23க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 4.14, கூட்டுனா 27.14. அதனால ரேட்ல தப்பு இல்ல, எத்தன தடவைன்னு எண்ணுனதுலதான் தப்பு.

சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் இந்த ஆறு ஊர்ல இருக்கற வேற பேங்க் மெஷின்ல மாசத்துக்கு 3 ஃப்ரீ, மத்த ஊர்ல 5. உங்க அக்கவுண்ட் எந்த ஊர் பிராஞ்ச்ங்கறது முக்கியமில்ல, மெஷின் எந்த ஊர்ல இருக்குங்கறதுதான் கணக்கு. அந்த மெஷின் மெட்ரோவா இல்லையான்னு அங்கயே ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது ஒட்டி காட்டணும்னு கூட ரூல் இருக்கு. ஆனா நீங்க மிஸ் பண்ணது வேற இடம். இந்த 3ங்கறது பணம் எடுக்கறதுக்கு மட்டும் இல்ல, பேலன்ஸ் பாக்கறது, மினி ஸ்டேட்மெண்ட் எடுக்கறது எல்லாம் சேத்துதான் 3. வேற பேங்க் மெஷின்ல பேலன்ஸ் பாத்தா அதுவும் ஒரு தடவைதான், நம்ம பேங்க் மெஷின்ல பாத்தா மட்டும் அது ஃப்ரீ எண்ணிக்கைல சேராது. என்கிட்ட இந்த மாதிரி கேள்வியோட வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு மேல இதுதான் தெரியாம இருக்கும்.

இப்ப உங்க மாசத்த ஒவ்வொண்ணா எண்ணிப் பாப்போம். 3ஆம் தேதி 2000 எடுத்தது ஒண்ணு. 9ஆம் தேதி முதல் மெஷின்ல காசு இல்லன்னு வந்தது, அத கொஞ்சம் தள்ளி வைங்க. அடுத்த மெஷின்ல பேலன்ஸ் பாத்தது ரெண்டு, அங்கயே 1500 எடுத்தது மூணு. ஃப்ரீ அத்தோட முடிஞ்சது. 20ஆம் தேதி 1000க்கும் 27ஆம் தேதி 3000க்கும் சார்ஜ் உண்டு, அதாவது 54.28. பேங்க் என்ன பண்ணிருக்குன்னா காசு இல்லாத அந்த மெஷினையும் ஒரு தடவைன்னு எண்ணிருக்கு, அதனால பேலன்ஸ் பாத்ததோட உங்க மூணு முடிஞ்சு, 1500க்கும் சேத்து சார்ஜ் விழுந்து 81.42 ஆயிருக்கு.

அது கூடாது. 2019 ஆகஸ்ட் 14ஆம் தேதி ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் ஒரு சர்க்குலர் அனுப்புச்சு, மெஷின் கோளாறு, சாஃப்ட்வேர் கோளாறு, லைன் பிரச்சன, மெஷின்ல நோட்டு இல்லாதது, தப்பு பின் போட்டது, இந்த மாதிரி காரணத்தால நடக்காமப் போனத எல்லாம் ஒரு தடவைன்னு எண்ணவே கூடாது, சார்ஜும் போடக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. உங்க 9ஆம் தேதி விஷயம் அப்படியே அதுக்குள்ள வருது. கவுண்ட்டர்ல ரூல் அப்படித்தான்னு சொன்னவருக்கு இந்த சர்க்குலர காட்டுங்க.

ஒரே ஒரு விஷயத்த நிச்சயப்படுத்திக்கோங்க. மெஷின்ல காசு இல்லாம திருப்புனதும், உங்க அக்கவுண்ட்ல காசு இல்லாம திருப்புனதும் வேற வேற. ரெண்டாவதுக்கு அந்த சர்க்குலர் உதவாது, அதுக்குன்னு பல பேங்க் தனியாவே ஒரு சார்ஜ் வச்சிருக்கு. உங்களுக்கு அன்னைக்கு கொஞ்ச நேரத்துலயே 1500 வந்துருச்சு, அது உங்களுக்கு நல்ல சாட்சி. ஆனா முதல் மெஷின்ல எவ்வளவு அடிச்சீங்கன்னு சொல்லல, அது அப்ப இருந்த பேலன்ஸ விட கம்மிதான்னு ஸ்டேட்மெண்ட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

சிக்கல் என்னன்னா ஃபெயில் ஆன முயற்சி பாஸ்புக்லயோ ஸ்டேட்மெண்ட்லயோ வராது, ஏன்னா பணம் கழியவே இல்ல. அதனாலதான் ஸ்டேட்மெண்ட வச்சு எவ்வளவு வாதாடினாலும் கவுண்ட்டர்ல இருக்கறவங்களுக்குப் புரியாது. ஆனா பேங்க் சிஸ்டத்துல ஒவ்வொரு முயற்சியும், அது ஏன் நடக்கலங்கற காரணமும் பதிவாயிருக்கும், நீங்க அதைத்தான் கேக்கணும். ஸ்லிப், எஸ்எம்எஸ் எது இருந்தாலும் எடுத்து வைங்க, ஒண்ணுமே இல்லன்னாலும் மெஷின் இருந்த இடமும் தோராய நேரமும் போதும்.

மெஷின் வச்சிருக்கற பேங்க்ல போய் நிக்காதீங்க, கார்டு குடுத்த உங்க பேங்குக்குத்தான் எழுத்துல புகார் குடுக்கணும், ஈமெயிலோ ஆப்போ எதுனாலும் சரி. இந்த மாதிரி எழுதுனா போதும்: "9ஆம் தேதி தி.நகர் ஏடிஎம்மில் பணம் இல்லாததால் நடக்காத முயற்சியை என் இலவச எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறீர்கள். இது ரிசர்வ் வங்கியின் 14.8.2019 சர்க்குலருக்கு விரோதமானது. அந்த மாதத்தில் எண்ணப்பட்ட எல்லா ஏடிஎம் பரிவர்த்தனைகளின் பட்டியலையும், ஒவ்வொன்றின் முடிவையும் தர வேண்டும். தவறாகப் பிடித்த ரூ.27.14ஐத் திருப்பித் தர வேண்டும்." மூணு சார்ஜையும் திருப்பிக் குடுன்னு எழுதாதீங்க, அப்படிக் கேட்டா மத்த ரெண்டும் சரிதான்னு பதில் சொல்லி மொத்தத்தையும் மூடிடுவாங்க. புகார் நம்பர வாங்கி வைங்க. அதோட உங்க அக்கவுண்ட் சம்பள அக்கவுண்ட்டான்னும் பாருங்க, 3ங்கறது பேங்க் குடுத்தே ஆகவேண்டிய கம்மி அளவு, அதுக்கு மேலயும் ஃப்ரீ குடுக்கற அக்கவுண்ட் இருக்கு. உங்களுது அப்படின்னா மத்த ரெண்டு சார்ஜையும் கூட கேக்கலாம்.

30 நாள் ஆகியும் பதில் இல்ல, இல்ல முடியாதுன்னு பதில் வந்துச்சுன்னா, பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட cms.rbi.org.in ல தள்ளிப்போடாம புகார் போடுங்க, ஃபீஸ் கிடையாது, சந்தேகம் இருந்தா 14448க்கு கூப்பிடலாம். பேங்க்ல புகார் குடுக்காமலோ, பதிலும் வராம 30 நாளும் ஆகறதுக்கு முன்னாடியோ நேரா அங்க போனா எடுக்க மாட்டாங்க. அங்க வக்கீல் மூலமா புகார் குடுக்கவும் முடியாது, நீங்களே போட்டுடலாம், அதனால என்ன மாதிரி ஆளுக்கு இதுல ஒரு பைசா செலவு பண்ண வேண்டாம். கோர்ட்ல கேஸ் போடற அளவுக்கு 27 ரூபா விஷயத்துல நான் சொல்லமாட்டேன், அலைச்சல் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொண்ணு, புகார் குடுக்கறதுக்கு முன்னாடி போன ஆறு மாச ஸ்டேட்மெண்டயும் எடுத்து 27.14 எங்கெங்க இருக்குன்னு தேடுங்க. காசு இல்லாத மெஷின எண்ணறது பேங்க் சிஸ்டத்துலயே இருக்கற தப்புன்னா உங்களுக்கு ஒரு மாசம் மட்டும் நடந்திருக்காது. எல்லா தேதியையும் அதே புகார்லயே சேத்துடுங்க.