வங்கியிலிருந்து 'செயல்படாத கணக்கு' என்று கடிதம் வந்தால்: சில கேள்விகள், சில பதில்கள்

வங்கியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இங்கே உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் கூடியவரை எல்லோருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: என் சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிவிட்டது என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு ஆகிவிட்டால் பணத்தை ரிசர்வ் வங்கி எடுத்துக்கொள்ளுமாமே? எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

அம்மா, நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி சரி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றால் கணக்கு முடங்கும், அவ்வளவுதான். பணம் உங்கள் வங்கியிலேயே இருக்கும், வட்டியும் வழக்கம்போல் வரவு வைக்கப்படும். ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் பணம் போவது பத்து ஆண்டு கழித்துத்தான்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் பரிவர்த்தனைத் தேதி. அது இல்லையென்றால் பாஸ்புத்தகத்தில் நீங்களாகச் செய்த கடைசி வரவு அல்லது எடுப்பைத் தேடுங்கள். பத்து ஆண்டுக்கு உட்பட்டது என்றால் வேலை எளிது. கணக்கை மீண்டும் இயக்கக் கோரும் விண்ணப்பம், ஆதார் அல்லது வாக்காளர் அட்டை போன்ற ஓர் அடையாளச் சான்று, பான் அட்டை, அண்மையில் எடுத்த புகைப்படம், பாஸ்புத்தகம் ஆகியவை போதும். நகல்களுடன் அசலையும் கொண்டு போங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருவார்கள்.

ஆவணங்கள் முழுமையாக இருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் கணக்கை இயக்கித் தர வேண்டும், இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிப்பதையும் அது தடுக்கிறது. விண்ணப்பத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். மூன்று நாள் கணக்கு அந்த முத்திரையிலிருந்துதான் தொடங்கும்.

திருச்சியிலிருந்து ஒருவர்: என் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி ஏறுகிறதே! அப்படியிருக்க எப்படிச் செயல்படாத கணக்கு என்கிறார்கள்?

சேமிப்புக் கணக்கின் வட்டி வங்கி தானாகப் போடுவது, வங்கி பிடிக்கும் கட்டணமும் அப்படியே. வாடிக்கையாளர் செய்ததாக இவை கணக்கில் வராது. ஆனால் உங்கள் வைப்புத்தொகையின் வட்டியை இந்தக் கணக்கில் வரவு வைக்கும்படி நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வரவு உங்கள் பரிவர்த்தனையாகவே கருதப்படும். உங்களுடையது எந்த வட்டி என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது வகை என்றால் கடிதமே தவறு, மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு பெண்: அம்மா கணக்குத் தொடங்கியபோது தமிழில் கையெழுத்திட்டார், இப்போது கை நடுங்குகிறது. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், பாஸ்புத்தகத்தில் முன்னால். திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்த இரண்டும் நம் ஊர்க் கணக்குகளில் தினமும் வரும் தொல்லை. தலைப்பெழுத்து முன்பின்னாக இருப்பதற்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பிறந்த தேதி ஒத்துப்போகும் இன்னொரு ஆவணத்தையும் வைத்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். கையெழுத்துக்கு, அதிகாரியின் முன்னிலையில் புதிய மாதிரிக் கையெழுத்துக் கேட்டு விண்ணப்பியுங்கள். கை ஒத்துழைக்காவிட்டால் பெருவிரல் ரேகைக்கும் வழி உண்டு.

நான் பணியிலிருந்தபோது ஒரு கிளையில் வயதான ஒரு பெண்மணியை முதல் நாள் பான் அட்டைக்காகவும் மறுநாள் புகைப்படத்துக்காகவும் திருப்பி அனுப்பினோம். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்கும், அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு. ஆகையால் முதல் தடவையே "குறை என்னென்ன, எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

கோவையிலிருந்து, வங்கியில் இப்போதும் பணிபுரியும் ஓர் உறுப்பினர்: ஐயா, கணக்கு தொடங்கிய கிளைக்கே போக வேண்டும் என்று பலர் நினைத்துச் சிரமப்படுகிறார்கள். எந்தக் கிளையிலும் ஆவணங்களைப் புதுப்பிக்கலாம், வங்கி வசதி தந்தால் காணொளி வழியாகவும் முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரியாகச் சொன்னீர்கள், நான் விட்டுவிட்டேன். மதுரை அம்மாவுக்கு இது மிகவும் பயன்படும், வீட்டருகில் உள்ள கிளையையே முதலில் அணுகலாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: அப்பா இறந்துவிட்டார். பழைய பெட்டியில் பாஸ்புத்தகம் கிடைத்தது, கடைசிப் பதிவு 2013. பணம் கிடைக்குமா?

கிடைக்கும். பத்து ஆண்டு கடந்ததால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போயிருக்கும். அப்போதும் கேட்க வேண்டிய இடம் உங்கள் வங்கிதான். வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். `udgam.rbi.org.in` என்ற உத்கம் தளத்தில் அப்பாவின் பெயரும் வங்கியின் பெயரும் கொடுத்துத் தேடுங்கள். பான் எண், பிறந்த தேதி, வாக்காளர் அட்டை எண் ஆகியவற்றில் ஒன்றும் கேட்கும். கிடைத்தால் ஒரு குறிப்பு எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வங்கிகளும் அதில் இல்லை என்பதால், பெயர் வராவிட்டாலும் கிளையில் கேட்கத் தவறாதீர்கள்.

தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிதிக்குப் போன அன்று 42,000 ரூபாய் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 2021 மே 11 முதல் இந்த நிதியின் வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம் தனிவட்டி. இரண்டு ஆண்டுக்கு 2,520 ரூபாய், ஆக 44,520 ரூபாய்.

பாஸ்புத்தகத்தில் நாமினி பதிவு உண்டா என்று பாருங்கள். இருந்தால் உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று போதும். இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய முறை உண்டு. இழப்பீட்டு உறுதிப் பத்திரம், பங்கு கோராத வாரிசுகளின் சம்மதக் கடிதம், வாரிசுச் சான்றிதழ் அல்லது குடும்பத்தை நன்கறிந்த ஒருவரின் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆவணங்கள் முழுமையான பிறகு 15 நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: என் தந்தையின் கணக்கில் தம்பி பெயர்தான் நாமினி. நாமினி என்றால் பணம் முழுதும் அவனுடையதுதானே? சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட மறுக்கிறேன்.

நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் அழிந்துவிடாது. நாமினி இருப்பதால் வங்கி உங்கள் கையெழுத்தைக் கேட்கத் தேவையில்லை. உங்களுக்கும் தம்பிக்கும் உள்ள பங்கு வங்கியில் தீராது. நீங்கள் இருவரும் பேசியோ, நீதிமன்றத்திலோதான் தீர்க்க வேண்டும். இதில் எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு பாட்டி (பேரன் எழுதுகிறான்): பாட்டிக்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. உத்கம் தளத்தில் தேடினால் வரவே இல்லை.

தம்பி, அந்தத் தளம் வங்கிகளுக்கானது, அஞ்சலகக் கணக்கு அதில் வராது. அங்கே தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் வரவோ எடுப்போ இல்லையென்றால் கணக்கு அமைதிக் கணக்காகும். பாஸ்புத்தகமும் புதிய அடையாள ஆவணங்களுமாகப் பாட்டியை அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், விண்ணப்பம் கொடுத்தால் உயிர்பெறும்.

சேலத்திலிருந்து ஒருவர்: "இன்றே கணக்கை இயக்குங்கள்" என்று குறுஞ்செய்தியில் ஒரு இணைப்பு வந்தது. ஓ.டி.பி. கேட்டது. கொடுத்துவிட்டேன்.

படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், வங்கியிலும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். கணக்கை இயக்குவதாகச் சொல்லிக் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பி ஓ.டி.பி. கேட்டால் நம்பாதீர்கள். என்ன ஆனது என்று மறக்காமல் இங்கே எழுதுங்கள்.