ஒரே கேமுக்கு இரண்டு முறை காசு

கேள்வி: ஸ்டீம், எபிக், ஜிஓஜி மூன்றிலும் சேர்த்து முந்நூறுக்கு மேல் கேம் வைத்திருக்கிறேன். போன வாரம் ஸ்டீம் தள்ளுபடியில் ஜிடிஏ 5 வாங்கினேன். எபிக்கில் 2020-லேயே இலவசமாக எடுத்து வைத்திருந்தது நேற்றுதான் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா? இனி இப்படி ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: முதலில் ரீஃபண்டுக்கு எழுதிப் போடுங்கள், அடுக்கி வைப்பதை அப்புறம் பார்க்கலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீம் காரணத்தைத் துருவாமல் பணத்தைத் தந்துவிடும். நீங்கள் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, ஆகவே நாள் கணக்கில் சிக்கல் இல்லை. மணிக்கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஜிடிஏவைத் திறந்தால் ராக்ஸ்டாரின் சொந்த லாஞ்சரும் கூடவே திறக்கும். அதை மூடாமல் சாப்பிடப் போயிருந்தால் அந்த நேரமும் ஆடிய நேரமாகவே ஏறும். லைப்ரரியில் கேமின் பக்கத்தில் எவ்வளவு என்று காட்டும். இரண்டு மணியைத் தாண்டாமல் இருந்தால் இனி திறக்கவே வேண்டாம். help.steampowered.com போய் விண்ணப்பியுங்கள். பணம் கட்டிய வழியிலேயே திருப்பி அனுப்ப முடியாவிட்டால் ஸ்டீம் வாலட்டில் வரவு வைப்பார்கள்.

வேறு கடையில் கீ வாங்கி ஸ்டீமில் ஏற்றியிருந்தால் இந்த வழி கிடையாது, கீ விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

இனி அடுக்கும் வேலை. விண்டோஸ் என்றால் எல்லாக் கடைக் கேம்களையும் ஒரே இடத்தில் காட்டும் Playnite என்ற மென்பொருள் போதும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். மூன்று கணக்குகளையும் அதில் இணைத்துவிட்டு Update Game Library கொடுத்தால், இன்ஸ்டால் செய்யாதவை உட்பட எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். எபிக்கில் வாராவாரம் இலவசமாக எடுத்துப்போட்டு மறந்தவையும் அங்கே தலைகாட்டும். லினக்ஸில் ஹீரோயிக் உண்டு, ஆனால் எபிக், ஜிஓஜி, அமேசான்தான் அதன் முக்கிய வேலை.

இரட்டைப் பிரதிகளை Playnite தானாக ஒன்றாக்காது. பட்டியலைப் பெயர் வரிசைப்படி வைத்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வேண்டாததை Hide செய்யுங்கள். அழித்தால், விலக்குப் பட்டியலில் சேர்க்காத வரை அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்துவிடும். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், டிஎல்சி எந்தக் கடையில் வாங்கினீர்களோ அந்தப் பிரதியை என்பேன். ஸ்டீமில் வாங்கிய டிஎல்சி எபிக் பிரதியில் வேலை செய்யாது.

தள்ளுபடி நாளில் வாங்குமுன் அந்தப் பட்டியலில் ஒருமுறை தேடுங்கள். முழுப் பெயரையும் அடிக்க வேண்டாம். எபிக் இலவசமாகத் தந்தது பிரீமியம் எடிஷன், கடைக்குக் கடை பெயரின் வால் மாறும். "Grand Theft" என்று மட்டும் அடித்திருந்தால் போன வாரமே தெரிந்திருக்கும்.