முன்பள்ளி விபத்து அறிக்கையை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

"கிளிநொச்சிப் பக்கம் முன்பள்ளி நடத்துகிறோம். பிள்ளை விழுந்தால் எழுதும் அறிக்கையை எவ்வளவு காலம், எங்கே வைப்பது? யார் பார்க்கலாம்?"

நட்டஈட்டு வழக்குப் போட இலங்கையில் பொதுவாக 2 வருடம்தான் அவகாசம். ஆனால் பிள்ளைக்கு அந்த 2 வருடம் 18 வயது நிரம்பிய பிறகே ஓடத் தொடங்கும். 2024இல் ஊஞ்சலில் இருந்து விழுந்து கை முறிந்த பிள்ளைக்கு அப்போது 4 வயது என்றால், 2038இல் 18 ஆகும். ஆகவே 2040 முடியும்வரை அந்தத் தாள் இருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் எரிப்பவர்கள் இங்கேதான் பிழை விடுகிறார்கள்.

எல்லாரையும் ஒரே கொப்பியில் எழுதாதீர்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் பக்கத்தைக் கேட்டால், கொப்பியைக் கொடுத்த உடனே மற்றப் பிள்ளைகளின் கதையும் அவர் கையில். ஒரு சம்பவத்துக்கு ஒரு தாள். தள்ளிவிட்ட பிள்ளையின் பெயருக்குப் பதில் "இன்னொரு பிள்ளை" என்றெழுதி, பெயரைத் தனித்தாளில் வையுங்கள். அதைப் பொறுப்பாசிரியர் மட்டும் பார்க்கலாம். அறிக்கையை அவரும், எழுதிய ஆசிரியரும், அந்தப் பிள்ளையின் பெற்றோரும் பார்க்கலாம்.

வன்னியில் தாளுக்கு எமன் கறையானும் மாரி ஈரமும். பூட்டுள்ள இரும்பு அலுமாரியைச் செங்கல்லில் உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் வையுங்கள். சில ஜெல் பேனைகளின் மை ஈரத்தில் கரையும், போல்பொயின்ட்டால் எழுதுங்கள்.