காட்டுப்பள்ளியில் எந்தப் பள்ளிக்கூடம் இருந்தது?

"நாங்கள் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. கணவருக்கு வேலை காட்டுப்பள்ளியில், மாமியார் ஊர் காரைக்குடி. எட்டாவது படிக்கும் மகனுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களுக்கு அர்த்தம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி என்றால் பள்ளிக்கூடமா? குடி என்றால் என்ன? ஊர் என்பது மட்டும் ஏன் எல்லா இடத்திலும் வருகிறது? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்பி எழுதுவது?"

முதலில் பள்ளி. படுக்கும் இடம், தங்கும் இடம் என்பதுதான் அதன் பழைய பொருள். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி எல்லாவற்றிலும் இருப்பது இதே பள்ளி. மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக்குகையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். துறவிகளுக்குச் செய்து கொடுத்த குகை உறைவிடத்தை அது 'பளிய்' என்று குறிக்கிறது. உள்ளே பாறையில் வழவழப்பாக வெட்டிய படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். இப்படித் துறவிகள் படுத்த இடம் பள்ளியானது. அவர்கள் மடம் கட்டித் தங்கியபோது மடமும் பள்ளியானது. அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததால் பள்ளிக்கூடம் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, பள்ளிக்கூடம் இந்தச் சொல்லுக்குக் கடைசியாக வந்த பொருள். அதை வைத்து ஊர்ப் பெயரை விளக்கினால் தலைகீழாகிவிடும்.

இங்கேதான் பலரும் அடுத்த தவறைச் செய்கிறார்கள். பள்ளி என்று முடிந்தாலே சமணர் ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். பள்ளிக்கு இன்னொரு கிளையும் உண்டு: சில வீடுகள் மட்டுமே உள்ள சிற்றூர். கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாக மாறும், பால் அங்கே ஹாலு. அப்படித்தான் பள்ளி ஹள்ளியாயிற்று. தருமபுரிப் பக்கத்து மாரண்டஹள்ளியையும் ஆந்திரத்து மதனப்பள்ளியையும் பார்த்தால் இது புரியும். இந்த ஊர்களில் எல்லாம் மடம் இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

சரி, இது எந்தப் பள்ளி என்று எப்படிப் பிரித்தறிவது? மடம் இருந்த ஊர் என்றால் பெயரைத் தவிர வேறு தடயமும் வேண்டும். குகைப் படுக்கை, பழைய தீர்த்தங்கரர் சிலை, அல்லது 'பள்ளிச்சந்தம்' என்று சொல்லும் கல்வெட்டு. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்றே எழுதும். திருக்கோவிலூர்ப் பக்கம் பள்ளிச்சந்தல் என்று ஓர் ஊரே அந்தப் பெயரில் இருக்கிறது.

உங்கள் காட்டுப்பள்ளிக்கு வருவோம். புழலில் ஆதிநாதர் சமணக் கோயில் இருக்கிறதே, காட்டுப்பள்ளியும் சமணப் பள்ளிதான் என்று யாராவது சொல்லக்கூடும். புழலில் கோயில் இருப்பது புழலுக்குத்தான் சான்று. காட்டுப்பள்ளிக்கு அங்கேயே கிடைத்த தடயம் வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் புதர்க்காடு, ஆந்திர எல்லையும் அதிக தூரமில்லை. இதையெல்லாம் பார்த்தால் 'காட்டை ஒட்டிய சிற்றூர்' என்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. பையன் இதை எழுதும்போது 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம்.

குடி இவ்வளவு சிக்கலானது இல்லை. குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது குடித்தனம், குடியானவன் ஆகிய சொற்களில் வரும் குடி. முதலில் ஒரு வம்சத்தை, ஒரு குடும்பக் கூட்டத்தைக் குறித்தது, பிறகு அவர்கள் குடியேறிய இடத்துக்கும் அதுவே பெயரானது. 'குடிநீங்காத் தேவதானம்' என்று கல்வெட்டில் வந்தால், நிலம் கோயிலுக்குப் போனாலும் அதில் உழுதுகொண்டிருந்தவர்களை வெளியேற்றவில்லை என்று அர்த்தம். குடிக்கு முன்னால் ஆள் பெயரோ இனப் பெயரோ செடி மரத்தின் பெயரோ வரும். காரைச்செடி நிறைந்த இடத்தில் குடியேறியதால் காரைக்குடி என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். மாமியாரைக் கேட்டால் காரை வீடு என்று வேறொரு கதையும் சொல்லலாம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குடி என்று முடியும் பெயர்கள் காவிரிப் படுகையிலும் பாண்டிய நாட்டிலும்தான் அதிகம். நம் தொண்டை மண்டலத்தில் அந்த இடத்தைப் பாக்கம் பிடித்துக்கொண்டது. கத்திவாக்கம், வில்லிவாக்கம், புரசைவாக்கம் என்று நீங்களே அடுக்கலாம். பாக்கத்தை நெய்தல் நிலத்து ஊர் என்று இலக்கண நூல்கள் சொன்னாலும், இங்கே அது கடலை விட்டு வெகுதூரம் உள்ளே போய்விட்டது.

ஊர் எங்கும் வருவதற்குக் காரணம், அது மக்கள் சேர்ந்து வாழும் இடத்துக்கான பொதுச்சொல். சோழர் காலத்தில் இடத்தை மட்டுமல்ல, அங்கே நிலம் வைத்திருந்தவர்களின் கூட்டத்தையும் ஊர் என்றார்கள். 'ஊரோம்' என்று அவர்கள் கையெழுத்திட்ட கல்வெட்டுகள் நிறைய. பிராமண ஊர் என்றால் சபையோம், வணிகர் ஊர் என்றால் நகரத்தோம். மெசபடோமியாவில் ஊர் என்று ஒரு நகரம் இருந்ததே என்று வீடியோக்களில் வரும். அந்த நகரத்துக்குச் சுமேரியர் வைத்த பெயர் உரிம். அதை விட்டுவிடுங்கள்.

ஊர் பெயர்களில் முன்பாதியைப் பிரிக்க ஒரு வழி, பேச்சில் மாறிய உயிரெழுத்தைப் பழைய இடத்தில் வைத்துப் பார்ப்பது. குளத்தை நாம் கொளம் என்கிறோம், இலையை எலை என்கிறோம். அதே கணக்கில் கொளத்தூர் என்பது குளம், அத்து, ஊர் சேர்ந்த குளத்தூர். பெரம்பூரில் இருப்பது பிரம்பு என்பதும் அப்படியே.

கடைசியாக நீங்கள் இருக்கும் காலடிப்பேட்டை. பெருமாளின் காலடி பட்ட இடம் என்று எழுதிவிடத் தோன்றும், பெயர் அவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கிறது. பேட்டை என்ற முடிவே எச்சரிக்கை மணி. வட சென்னையில் பேட்டைகள் பெரும்பாலும் கம்பெனிக் காலத்தவை, கைவினைஞர்களையும் சந்தையையும் சேர்த்து ஊருக்கு வெளியே அமைத்தவை. வண்ணாரப்பேட்டையில் துணி வெளுப்பவர்களைக் குடியமர்த்தினார்கள். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அது காலட் பேட்டை. மக்கள் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆனது. கவர்னரின் பெயர் எழுத்தில் இருப்பதால் இது தெரிந்தது. திருவொற்றியூருக்கு அந்த உதவியைத் தேவாரம் செய்கிறது, அதிலேயே 'ஒற்றியூர்' என்று வந்துவிடுகிறது.

பையனின் நோட்டில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கட்டம் போடச் சொல்லுங்கள்: ஒன்றில் பழைய ஆவணத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, மற்றொன்றில் ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. முதல் கட்டத்துக்கு ஒற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளின் அச்சுப் பதிப்பைக் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.