காபிப் பையின் லேபிளை எங்கிருந்து படிப்பது?

"எஸ்டேட் காபி என்று 250 கிராம் பொடி வாங்கினேன். பையில் 'எஸ்.795, வாஷ்டு, லைட் ரோஸ்ட், 1,350 மீ., ஆரஞ்சு, மல்லிகை, வறுத்த நாள் ஜனவரி 4' என்று இருந்தது. வாங்கியது பிப்ரவரி 26. பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் போட்டுப் பால் சேர்த்தால் மல்லிகையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, லேசான புளிப்புதான். ஏமாந்துவிட்டேனா?"

ஏமாறவில்லை. உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாமே அந்தப் பையில் இருந்தது. அந்தக் காபி பால் சேர்க்காமல் குடிக்க வறுக்கப்பட்டது, நீங்கள் வாங்கும்போது அது பழசாகியும் இருந்தது.

எஸ்.795 என்பது காபிச் செடியின் ரகம், வாஷ்டு என்பது கொட்டையைத் தண்ணீரில் கழுவிப் பதப்படுத்தும் முறை. தேதியை முதலில் பாருங்கள். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைபட்டிருக்கும். அது நாள்கணக்கில் மெல்ல வெளியேறும். மணமும் கூடவே போகும். வறுத்த மறுநாளே காபி போட்டால் வாயு மிகுதியால் தண்ணீர் பொடியில் சீராக இறங்காது. லைட் ரோஸ்டுக்கு ஒரு வாரமாவது ஓய்வு தேவை. அதன் பிறகு, முழுக் கொட்டையாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் கதை வேறு. காற்று படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுவதால் சில நாட்களிலேயே மணம் கரைந்துவிடும். உங்கள் பொடி வாங்கும்போதே 53 நாள் பழசு. மல்லிகை போன்ற மென்மையான மணங்கள்தான் முதலில் போகும். இனி ஒரு பரிசோதனை செய்து பாருங்கள்: ஃபில்டரில் வெந்நீரை முதலில் கொஞ்சமாக ஊற்றும்போது பொடி உப்பிக் குமிழியிட வேண்டும். அப்படியே அமுங்கிக் கிடந்தால் அது பழைய பொடி.

சில பைகளில் வறுத்த நாளே இருக்காது. பேக் செய்த நாளும் 'இதற்குள் பயன்படுத்தவும்' என்ற தேதியும்தான் இருக்கும். அவற்றை வைத்து எப்போது வறுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட பையை நான் எடுப்பதில்லை. அதைவிட, தெருமுனையில் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடை மேல்.

அடுத்தது சுவைக் குறிப்பு. ஆரஞ்சும் மல்லிகையும் சேர்த்த பொருள்கள் அல்ல. சேர்த்திருந்தால் சேர்மானப் பட்டியலில் இருக்கும். காபியை வறுத்தவர் பால், சர்க்கரை இல்லாமல் கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்தபோது எதை நினைவூட்டியது என்பதைத்தான் எழுதியிருக்கிறார். வாங்குபவர் அதைப் பழத்தின் பெயராகப் படிக்காமல் எந்த வகைச் சுவை என்று படிக்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை, பெர்ரி, பூ என்று இருந்தால் புளிப்புத் தூக்கலான, மெல்லிய காபி. பாலில் அந்த மணம் அமுங்கிவிடும், புளிப்பு மட்டும் துருத்தி நிற்கும். சாக்லேட், கேரமல், வெல்லம், வறுத்த முந்திரி என்று இருந்தால் பாலோடு சேரும். லைட் ரோஸ்ட் கொட்டை கெட்டியானது. சாறு இறங்கவும் நேரமெடுக்கும். தண்ணீர் சற்று ஆறிப்போயிருந்தாலோ பொடி பருமனாக இருந்தாலோ புளிப்பு மட்டும்தான் டிகாக்‌ஷனில் இறங்கும்.

செடி வளர்ந்த உயரத்தைச் சொல்லும் மீட்டர் கணக்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது, கொட்டை இறுகுகிறது, புளிப்பும் மணமும் கூடுகின்றன. ஆனால் நாடு விட்டு நாடு ஒப்பிட்டால் தவறிவிடும். ஹவாயின் கோனாவில் ஆயிரம் மீட்டருக்குக் கீழேயே நல்ல அராபிகா விளைகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதால் தாழ்விலேயே அந்தக் குளிர்ச்சி கிடைத்துவிடுகிறது. எத்தியோப்பியாவின் 1,900 மீட்டரைப் பார்த்துவிட்டு சிக்கமகளூரின் 1,300 மீட்டரை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். '900–1,500 மீ.' என்று அகலமாகப் போட்டிருந்தால் பல தோட்டத்துக் கொட்டைகள் கலந்திருக்கலாம். மான்சூண்ட் மலபார் வகைக்கோ உயரத்தைப் பார்க்கவே தேவையில்லை: அறுவடைக்குப் பிறகு மேற்குக் கடற்கரையின் பருவக்காற்றில் ஊற வைப்பதால் புளிப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. பால் காபிக்காரர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

உங்கள் டம்ளருக்கு நான் எடுப்பது இப்படி இருக்கும்: மீடியம் அல்லது மீடியம் டார்க் ரோஸ்ட், சாக்லேட் அல்லது வெல்லக் குறிப்பு, வறுத்து இரண்டு வாரத்துக்குள், முழுக் கொட்டை. சிக்கரி கலந்தது என்றால் எத்தனை சதவீதம் என்று பையிலேயே இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 25 கிராம் செலவானால் 250 கிராம் பத்து நாளில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள்.

மீதிப் பொடியைக் கொட்டிவிட வேண்டாம். 15 கிராமுக்குக் கொதித்து இறக்கிய தண்ணீர் 240 மில்லி ஊற்றி, நான்கு நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். மல்லிகை போயிருக்கும். ஆரஞ்சின் சாயல் கொஞ்சம் மிச்சமிருக்கலாம்.