கேப்சூலுக்கும் இட்லிக்கும் நடுவே அரை மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 47. நெஞ்செரிச்சலுக்காக டாக்டர் ஒமிப்ரசோல் 20 கேப்சூல் எழுதிக் கொடுத்து, காலை டிபனுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொன்னார். நான் 5 மணிக்கு எழுந்து தைராய்டு மாத்திரை போடுவேன். 5.45க்குக் காபி. வேலை முடிந்து டிபன் சாப்பிட 9.30 ஆகிவிடும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும் என்று என் மாமியார் சொன்னதால், கேப்சூலை டிபனுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறேன். மூன்று வாரம் ஆகியும் சாயங்காலம் ஆனால் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. அந்த அரை மணி நேரம் அவ்வளவு முக்கியமா? வேறு மாத்திரை கேட்கலாமா?

— வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, வேறு மாத்திரை கேட்கும் முன் இதே கேப்சூலைச் சரியான நேரத்தில் இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். நெஞ்செரிச்சல் அடங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் போடுறீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்பதைத்தான். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து வருகிற பலருக்கு நேரம்தான் தவறியிருக்கிறது.

உங்கள் மாமியார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூட்டுவலி, தலைவலிக்குப் போடும் பல வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கும் படலத்தைப் பலவீனப்படுத்தும். அவற்றைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வது அதனால்தான். ஒமிப்ரசோல் அந்த இனம் இல்லை. வலி மாத்திரையால் வரும் புண்ணைத் தடுக்கவும் ஆற்றவும் கொடுக்கப்படுவதே இந்த வகை மருந்துதான். வெறும் வயிற்றில் போட்டால் இது வயிற்றை அரிக்காது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் ஒருநாள் பயன்படும்.

இனி அந்த அரை மணி நேரம். நம் இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்ப்கள் ஏராளம். புரோட்டான் பம்ப் என்று பெயர். சாப்பிடாத நேரத்தில் இவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யாமல் செல்லுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும். வயலில் தண்ணீர் பாய்ச்சும் நாளில் மட்டும் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து கிணற்றோரம் வைக்கும் மோட்டார் மாதிரி. நாம் சாப்பிட ஆரம்பித்ததும் நரம்புகளும் ஹார்மோன்களும் செய்தி அனுப்ப, அந்தப் பம்ப்கள் செல்லின் விளிம்புக்கு வந்து ஓடத் தொடங்கும்.

ஒமிப்ரசோல் என்பது அந்த மோட்டாருக்குப் போடும் பூட்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குத்தான் அதைப் போட முடியும், கொட்டகைக்குள் கிடப்பதை அது தொடுவதில்லை. காரணம், விழுங்கும்போது இந்த மருந்துக்கு வேலை செய்யும் வடிவம் கிடையாது. பம்ப் ஓடி அமிலம் கொட்டும் இடத்துக்குப் போய், அந்த அமிலம் பட்ட பிறகுதான் அது உருமாறிப் பம்ப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு அந்தப் பம்ப் மீண்டும் ஓடாது. உடல் புதிதாக ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்த அமிலம் இந்த மருந்தை எழுப்புகிறதோ, அதே அமிலம் இரைப்பைக்குள் நேராகப் பட்டால் மருந்தை வழியிலேயே சிதைத்துவிடும். அதனால்தான் கேப்சூலுக்குள் கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக, அமிலத்தில் கரையாத பூச்சு பூசி வைத்திருக்கிறார்கள். உருண்டைகள் இரைப்பையை முழுசாகக் கடந்து, சிறுகுடலுக்குப் போய்க் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்தத்தின் வழியாக மறுபடியும் இரைப்பைச் சுவருக்கு வந்து சேர வேண்டும். இவ்வளவு சுற்று இருப்பதால்தான் நேரம் தேவைப்படுகிறது. கேப்சூலைக் கடித்தோ, உருண்டைகளைப் பொடித்தோ சாப்பிடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

ரத்தத்துக்குள் வந்த ஒமிப்ரசோலுக்கு ஆயுள் குறைவு. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். பலன் ஒரு நாள் முழுக்கத் தெரிவது மருந்து ரத்தத்தில் தங்குவதால் அல்ல, அது பூட்டிய பம்ப்கள் பூட்டியபடியே இருப்பதால். ஆகவே ரத்தத்தில் மருந்து நிறைந்திருக்கும் சில மணி நேரமும், சாப்பாட்டால் பம்ப்கள் ஓடும் சில மணி நேரமும் ஒன்றின் மேல் ஒன்று வந்து பொருந்த வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்வது இந்தப் பொருத்தத்துக்காக. காலை டிபனைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றில்தான் ஓடத் தயாராக இருக்கும் பம்ப்கள் மிக அதிகம். காலையில் விட்டால் அந்தக் கூட்டம் மொத்தமாகத் தப்பிவிடும்.

உங்கள் நாளை இப்போது பாருங்கள். 9.30க்கு இட்லி. அந்த நிமிடத்திலேயே பம்ப்கள் விளிம்புக்கு வந்துவிட்டன. 9.45க்குக் கேப்சூல் உள்ளே போகிறது. இரைப்பையில் உணவு இருப்பதால் அது குடலுக்குப் போவது தாமதமாகிறது. ஒமிப்ரசோலின் நெருங்கிய உறவான எசோமெப்ரசோலைச் சாப்பாட்டோடு போட்டால், ரத்தத்தில் சேரும் மொத்த மருந்தே ஏறக்குறைய பாதியாகக் குறையும். பான்டோப்ரசோலில் அளவு குறையாது, ஆனால் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகலாம். எப்படியானாலும் மருந்து ரத்தத்துக்கு வரும்போது டிபனுக்கான சுரப்பு தணியத் தொடங்கியிருக்கும். தப்பித்த பம்ப்கள் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் முழுவீச்சில் ஓடும். சாயங்கால எரிச்சலுக்கு இதுவே போதுமான விளக்கம்.

அப்படியானால் 5 மணிக்கே தைராய்டு மாத்திரையோடு போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 9.30க்குள் மருந்தில் பெரும்பகுதி உடலை விட்டே போயிருக்கும், அப்போது பம்ப்கள் எழுந்து வந்தால் பூட்டு இருக்காது. சாப்பாட்டுக்கு நான்கரை மணி நேரம் முன்பு போடுவதும் சாப்பிட்ட பிறகு போடுவதும் கிட்டத்தட்ட ஒரே தவறு. இரவு படுக்கும்போது போடுவதும் இப்படித்தான், அதற்குப் பிறகு சாப்பாடே கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 5 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 5.45க்குக் காபி, இரண்டும் இப்போதுள்ளபடியே இருக்கட்டும். காபியோடு பிஸ்கட், ரஸ்க் வேண்டாம். நடுவில் மூன்று மணி நேரம் இருப்பதால் அந்த ஒரு டம்ளர் காபி அதற்குள் வயிற்றைக் கடந்திருக்கும். 9 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு கேப்சூல். மொபைலில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுப்படி வேலையில் மறந்துபோகும் நேரம் அது. 9.30க்கு உட்கார்ந்து டிபன் சாப்பிடுங்கள். வெறும் டீயோ, இரண்டு வாய் பழமோ பம்ப்களை முழுதாக எழுப்பாது, ஒழுங்கான சாப்பாடு வேண்டும். கேப்சூல் போட்டுவிட்டு டிபனை 11 மணிக்குத் தள்ளினால் பழைய கதைதான். பிரஷர் மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்திலேயே போடுங்கள்.

ஒருநாள் மறந்து சாப்பிட்டுவிட்டீர்களா? உடனே வாயில் போட வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ அரை மணி நேரம் முன்பு போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

முதல் நாளே எரிச்சல் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வேளை மருந்து அப்போது ஓடும் பம்ப்களை மட்டுமே பிடிக்கும், உடலோ தினமும் கொஞ்சம் புதுப் பம்ப்களைச் செய்துகொண்டே இருக்கும். பூட்டப்படுவதும் புதிதாக வருவதும் ஒரு சமநிலைக்கு வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எரிந்தால் மட்டும் ஒரு கேப்சூல் என்று விட்டுவிட்டுப் போடுகிறவர்களுக்கு முழுப் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான். அந்த நாட்களில் எரிச்சல் தாங்கவில்லை என்றால், ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்கும் ஜெல் மருந்து உடனடி ஆறுதல் தரும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரத்துக்குள் மட்டும் அதைக் குடிக்காதீர்கள்.

தைராய்டு பற்றி இன்னொன்று. வயிற்று அமிலம் குறைந்தால் தைராக்ஸின் உடலில் சேர்வதும் சிலருக்குக் குறையும். கேப்சூல் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறை டி.எஸ்.எச். பரிசோதனை செய்யலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்துக் கடையில் இவை எல்லாவற்றையும் "கேஸ் மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்வதால் ஒரு குழப்பம் வருகிறது. நான் சொன்ன நேரக் கணக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், எசோமெப்ரசோல், லான்சோப்ரசோல் போன்றவற்றுக்கு. ஃபமோடிடின் வேறு வழியில் வேலை செய்வது, அதை இரவு படுக்கும்போதும் கொடுப்பார்கள். டெக்ஸ்லான்சோப்ரசோல் இரண்டு கட்டமாகக் கரையும்படி செய்யப்பட்டது, சாப்பாட்டு நேரம் அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் படுக்கும்போது போடுகிறார் என்றால் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள்.

இரண்டு வாரம் 9 மணி, 9.30 மணி என்று தவறாமல் போட்ட பிறகும் எரிச்சல் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். போகும்போது கேப்சூல் போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், எரிச்சல் வந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டாவது வேளை வேண்டுமா, எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டுமா என்று அதைப் பார்த்து அவர் முடிவு செய்வார். சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், இந்த இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள். மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, நேராக மருத்துவமனைக்கு.